ஐம்பத்தெட்டாவது நிமிடம்

அந்த மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவில் அவனுக்குக் கத்திரி என்று பெயர். வேலையே வெட்டுவதுதான். செவிலியர்களுக்கு ஆன்லைனில் நடக்கும் வகுப்புகள் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். அதைப் பத்தே நிமிடச் சுருக்க வீடியோவாக்கி, வகுப்புக்கு வர முடியாதவர்கள் பார்க்கும் பக்கத்தில் ஏற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் உருப்படியான பேச்சு கால்வாசி தேறினாலே பெரிய விஷயம். மீதியெல்லாம் "கேக்குதா?", "ஸ்க்ரீன் தெரியுதா?", "யாரோ மைக்கை ஆஃப் பண்ணலை", யார் வீட்டிலோ குக்கர் விசில்.

கத்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் வரும் கேள்வி நேரத்தை அவன் கேட்கவே மாட்டான். கேட்டதையே கேட்பார்கள், சொன்னதையே சொல்வார்கள். "நன்றி, ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று பயிற்சியாளர் சொன்ன இடத்தில் ஒரு வெட்டு, அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் குப்பை. ஆறு வருடமாக அப்படித்தான். யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து ஒன்றைப் பற்றிய வகுப்பையும் அப்படியே வெட்டினான். பழைய மருந்துக் குப்பிக்குப் பதிலாக இரண்டு மடங்கு வீரியமுள்ள புதுக் குப்பி வந்திருந்தது. பம்ப் மெஷினில் அதை எந்த வேகத்தில் ஏற்றுவது என்பதுதான் வகுப்பு. பன்னிரண்டாவது நிமிடத்தில் பயிற்சியாளர், "பழைய வேகமே தொடரும், குழப்பிக்க வேண்டாம்" என்றார். சுருக்கமாக, தெளிவாக இருந்தது. கத்திரிக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போய், மஞ்சள் நிறத்தில் பெரிய எழுத்துப் போட்டான்: பழைய வேகமே தொடரும்.

ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில், கேள்வி நேரத்தில், வார்டு செவிலியர் ஒருவர் "சார், வீரியம் ரெண்டு மடங்குன்னா வேகம் பாதியாத்தானே வரணும்?" என்று கேட்டிருந்தார். பயிற்சியாளர் பதறிப்போய், "ஆமா ஆமா, மன்னிக்கணும், நான் தப்பா சொல்லிட்டேன். பாதி வேகம்தான் வைக்கணும்" என்று மூன்று முறை சொல்லியிருந்தார். வகுப்பில் இருந்த நாற்பது பேரும் கேட்டுத் திருத்திக்கொண்டார்கள். கத்திரி கேட்கவில்லை.

வகுப்பன்று விடுப்பில் இருந்தவள் ஒரே ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதமான சின்ன நர்ஸ். பொறுப்பான பெண், ஐந்து வார விடுப்பு முடிந்து வந்த அன்றே வீடியோவை இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாம் நாள், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு தையல்கடைக்காரருக்குப் புதுக் குப்பியைப் பழைய வேகத்தில் வைத்தாள். சரிபார்க்க வேண்டிய சீனியர் வழக்கம்போல் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மனிதரின் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. அன்று மாலையே அவர் இறந்துபோனார்.

மறுநாள் காலை பயிற்சிப் பிரிவின் தலைவி கத்திரியை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வீடியோல பழைய வேகம்னுதான் இருந்துச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்றா. நான் பாத்தேன். இருக்கு. கேள்வி நேரத்துல சார் திருத்திச் சொன்னது இல்லை."

கத்திரி நாற்காலியின் நுனிக்கு வந்தான். "மேடம், கேள்வி நேரத்தை நான்..."

"தெரியும். கடைசியா பாத்து ஓகே சொன்னது நான். நீ தனியா மாட்டலை, என்னையும் சேத்துத்தான் மாட்டிவிட்டிருக்கே." அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி பண்ணு. இன்னிக்கே. லிங்க் மாறக் கூடாது, தேதி மாறக் கூடாது."

"அவ வேலை போயிடுமே மேடம்."

"அவ சின்னவ, எங்கேயாவது பொழைச்சுக்குவா. உனக்கு ரெண்டு பிள்ளைங்க. யோசிச்சுக்கோ."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பேச்சுக்குச் சொல்லலாம். கத்திரி யோசிக்கத்தான் செய்தான். தன் மேஜைக்கு நடந்து போகிற இருபதடி தூரம் மட்டும்.

சும்மா சொல்லக் கூடாது, அருமையான வேலை. ஐம்பத்தெட்டாவது நிமிடத்துக் குரலிலிருந்து "பாதி வேகம்தான் வைக்கணும்" என்பதை மட்டும் எடுத்துப் பன்னிரண்டாவது நிமிடத்துப் பேச்சில் பொருத்தினான். வாயசைவு ஒட்டாது என்பதால் அந்த நான்கு விநாடிக்கு முகத்தை மறைத்துக் குப்பியின் படத்தை வைத்தான். குரல் ஒட்டுப்போட்டது தெரியாமலிருக்க, பயிற்சியாளர் அறையின் மின்விசிறி இரைச்சலை அடியில் மெல்லப் பரப்பினான். மஞ்சள் எழுத்தை அழித்துப் புதிது எழுதினான். பழைய ஃபைல் இருந்த இடத்தில் புது ஃபைலை ஏற்றினான். லிங்க் அதே லிங்க், தேதி அதே தேதி.

வகுப்பின் முழுப் பதிவு சர்வரில் முப்பது நாளில் தானாகவே அழிந்துவிடும்; அது அழிந்து ஒரு வாரமாகியிருந்தது. மிச்சமிருந்தது அவன் கம்ப்யூட்டரில் இருந்த பிரதி மட்டும். அதையும் பழைய வீடியோவையும் அழித்துவிடும்படி மேடம் சொல்லியிருந்தார். அவன் அழிக்கவில்லை. எதற்காக வைத்திருந்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

விசாரணையும் ஆன்லைனில்தான் நடந்தது. பதிவு செய்யும் பொறுப்பு கத்திரிக்கு. வகுப்பில் இருந்த நான்கு செவிலியர்கள், "சார் பாதி வேகம்னுதான் சொன்னார்" என்று சாட்சி சொன்னார்கள், உண்மையைத்தான் சொன்னார்கள். பயிற்சியாளரும் அதையே சொன்னார். முதலில் தவறிச் சொன்னதை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு வீடியோவை ஓட்டிக் காட்டினார்கள்.

சின்ன நர்ஸ் ஒரு சின்னக் கட்டத்துக்குள் உட்கார்ந்து பார்த்தாள். "இது இல்லை" என்றாள். "மஞ்சள் எழுத்துல பழைய வேகம்னு இருந்துச்சு. நான் ரெண்டு தடவை பாத்தேன். சத்தியமா இருந்துச்சு."

"வீடியோ செஞ்சவர் இருக்காரா?" என்றார் விசாரணை அதிகாரி.

"அண்ணா," என்றாள் அவள். "நீங்கதானே போட்டீங்க? நீங்களே சொல்லுங்கண்ணா."

இரண்டு ஃபைல்களும் அவன் திரையில் அருகருகே இருந்தன. இரண்டு க்ளிக்கில் அத்தனை பேருக்கும் காட்டியிருக்கலாம். மைக்கை ஆன் செய்தான்.

"இந்த ஒரே வீடியோதான் சார். நான் எதையும் மாத்தலை."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கேமராவைப் பார்த்து, "அப்போ நான்தான் சரியா பாக்கலை போல" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

அன்று பிற்பகலே மேடத்திடமிருந்து செய்தி வந்தது. மேலிடத்துக்கு அனுப்ப விசாரணையையும் ஐந்து நிமிடமாகச் சுருக்கித் தர வேண்டும். அவள் ஒப்புக்கொண்ட இடம் முக்கியம், மற்ற வாக்குவாதம் வேண்டாம். கத்திரி உட்கார்ந்து வெட்டினான். "இது இல்லை" போயிற்று. "சத்தியமா" போயிற்று. "அண்ணா" போயிற்று. வெட்டி முடித்து, பழைய வீடியோவையும் வகுப்பின் முழுப் பதிவையும் அழித்தான். அழ வேண்டும் போலிருந்தது. வெட்கமாகவும் இருந்தது, வெட்கப்படக்கூடத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது.

கிளம்புகிற நேரத்தில் அவன் போன் அதிர்ந்தது. சின்ன நர்ஸ்தான்.

"அண்ணா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. எல்லார் முன்னாடியும் உங்களை இழுத்துட்டேன். என்னை அந்தப் பக்கத்துலேருந்து எடுத்துட்டாங்க, வீடியோ திறக்க மாட்டேங்குது. ஒரு தடவை மட்டும் எனக்கு அனுப்புவீங்களா? எந்த இடத்துல தப்பா பாத்தேன்னு தெரியாம தூக்கமே வரலைண்ணா."

கத்திரி அனுப்பினான்.