பதினைந்தாம் வாரத்தின் பூஜ்யம்

என் பெயர் திவ்யதர்ஷினி. ஆறு மாதமாக அலுவலகப் பட்டியலில் என் பெயர் ‘இன்டர்ன் 2’. இன்டர்ன் 1 ராஜீவ். அவனையாவது கூப்பிட ஆளிருந்தது.

எங்கள் கம்பெனி சிங்கப்பூர் சாங்கியில், விமானத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி. மேல் மாடியில் ஆவணப் பிரிவு, கீழே கிடங்கு. ஆவணப் பிரிவில் பதினோரு பேர், பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்வார்கள், மீதிப் பேர் காதில் ஹெட்ஃபோனோடு இருப்பார்கள். ஃபேரர் பார்க்கில் வாடகை அறையிலிருந்து கிளம்பி, இரண்டு ரயில் மாறி, பஸ் பிடித்து வந்து உட்கார்ந்தால், மாலை வரை வாயைத் திறக்க வேலையே இல்லை. சில நாள் வீடு திரும்பும்போது பஸ் டிரைவரிடம் தேங்க்யூ சொல்வதுதான் அன்றைக்கு நான் பேசும் முதல் வார்த்தை. மிகைப்படுத்தவில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கடைசி வாரத்தில் ஒவ்வொரு இன்டர்னும் குழுவுக்கு முன்னால் பேச வேண்டும். பத்து நிமிடம், ஆறு ஸ்லைடு: என்ன செய்தாய், என்ன பலன், என்ன கற்றாய். மேனேஜர் கபிலன் வந்து கேட்பார். படிப்பு முடிந்ததும் யாரைத் திரும்ப அழைப்பது என்று அவர்தான் முடிவு செய்வார். இடம் ஒன்று, இன்டர்ன் இருவர். அது கிடைக்கவில்லை என்றால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருச்சி போக வேண்டியதுதான்.

என் வேலை ஒரு ஷீட். வாடிக்கையாளர் எத்தனை பெட்டி என்று பதிந்தாரோ அதையும், கிடங்கில் எத்தனை பெட்டி வந்ததோ அதையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத வரியைச் சிவப்பாக்கும். முன்பு இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தினமும் நாற்பது நிமிடம். இப்போது பத்து நிமிடம். விமானம் ஏறும் முன்பே பிழைகள் பிடிபட்டன. அதிலும் பதினைந்தாம் வாரத்தில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை, பூஜ்யம்! அன்று தனியாக உட்கார்ந்து ஒரு கேக் வாங்கித் தின்றேன்.

எனக்குப் பொறுப்பாளர் பவித்ரா நல்லவள்தான், நேரம் மட்டும் கிடையாது. என் முதல் வரைவை லிஃப்டுக்குள் நின்றபடி போனில் புரட்டினாள்.

“ரொம்ப எழுதியிருக்க லா. நம்பர் காட்டு. அந்த ஸீரோ வீக்க நல்லா பெரிசா போடு, கபிலன் அதத்தான் பார்ப்பார்.”

பெரிதாகப் போட்டேன். ஒரு ஸ்லைடு முழுக்க ஒரே பூஜ்யம். அதன் கீழே ஒரு வரைபடம் வேண்டுமென்று, பழைய எண்களை எடுக்க ஷீட்டின் திருத்த வரலாற்றைத் திறந்தேன். யார், எப்போது, எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்று அதில் தெரியும்.

தினமும் காலை ஏழு மணிக்கு யாரோ என் ஷீட்டுக்குள் வந்து போயிருந்தார்கள். கிடங்கின் ஆள், பெயர் நாகூர் கனி. கிடங்கில் எல்லோரும் ‘11 + 1 லூஸ்’ என்று எழுதுகிறார்கள். பதினொரு பெட்டி கட்டாக, ஒன்று தனியாக. மனிதனுக்கு அது பன்னிரண்டு. என் சூத்திரத்துக்கு அது எண்ணே இல்லை. அப்படி வந்த வரியில் பிழைச் செய்தி காட்டாமல், வெறுமையாக விட்டுவிடும்படி நான்தான் அமைத்திருந்தேன். ஏன்? பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்! நாகூர் கனி ஒவ்வொரு வரியாக ‘12’ என்று மாற்றி வைத்திருக்கிறார். மாதக்கணக்காக. ஒருவரிடமும் சொல்லாமல்.

பதினைந்தாம் வாரத்தில் மட்டும் அவர் வரவில்லை. பூஜ்யம் எப்படி வந்தது என்று புரிந்தபோது எனக்குக் காது சுட்டது. அந்த வாரம் பிழையே இல்லாமல் இல்லை. பாதி வரிகளை என் ஷீட் பார்க்கவே இல்லை. அதே வாரம் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பெட்டி குறைவாகப் போய், எண்ணத் தெரியாதா என்று கிடங்குக்குத் திட்டு விழுந்தது எனக்கு நினைவிருந்தது. போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு பெட்டிக்குப் பதிவு. கிடங்கு ‘10 + 1 லூஸ்’ என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. என் ஷீட்தான் வாயை மூடிக்கொண்டிருந்தது.

யாரிடம் சொல்வது? பவித்ராவுக்கு இரண்டு செய்தி அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் இமோஜி திரும்பி வந்தது. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்படி இருந்துவிட எனக்கு ஆசையாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் கிடங்கின் எண்ணுக்குப் போன் செய்தேன். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் சத்தம்.

நான் இன்டர்ன் 2 என்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரம் மகள் பிறந்து ஊருக்குப் போயிருந்தாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. நீங்க மேல, நாங்க கீழ. நெம்பரா போட்டா வேலை செய்யுது, போட்டுட்டேன்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: “திட்டு வாங்கினது இங்க அஹ்சன்னு ஒரு தம்பி. புதுப் பையன். அவன் சரியாத்தான் எண்ணியிருக்கான்.”

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஷீட்டைத் திருத்தினேன். எண் இல்லாத வரி இனி மஞ்சளாகி ‘பார்க்கவில்லை’ என்று கத்தும். பெரிய பூஜ்யத்தை அழிக்கவில்லை. அதன் மேல் ஒரு கோடு போட்டு, ‘இது என் பிழை’ என்று எழுதினேன். கற்றது என்ற ஸ்லைடில் ஒரே வரி: வெறுமையான கட்டம், சரியான கட்டம் அல்ல.

வியாழக்கிழமை பதினோரு மணி. எனக்கு முன்னால் பேசிய ராஜீவின் வரைபடங்கள் எல்லாம் மேலே ஏறின, கை தட்டினார்கள். நாகூர் கனி தினமும் திருத்தியதையும் அஹ்சன் திட்டு வாங்கியதையும் நான் சொல்லி முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. பவித்ரா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கபிலன் கேட்டார், “அப்ப அந்த ஆள் இல்லன்னா உன் ஷீட் வேஸ்ட்டா?”

“பாதி வேஸ்ட் சார். இன்னிக்கு வரைக்கும்.”

“யாரு அவர், நாகூர் கனி?”

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான்கு வருடமாக அதே கட்டடத்தில் வேலை செய்பவரை ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு வந்ததே கோபம்! அப்புறம் நினைத்துப் பார்த்தேன், எனக்கு மட்டும் முந்தாநாள் வரை தெரிந்ததா என்ன. அஹ்சன் மேல் இருந்த புகாரை எடுத்துவிடும்படி கபிலன் பவித்ராவிடம் சொன்னார். என்னிடம், “நேர்மையா பேசின, குட்,” என்றார்.

மதியம் வேலைக்கு அழைக்கும் கடிதம் ராஜீவுக்குப் போனது. பொய்யான பூஜ்யம் அந்த இடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்திருக்குமோ, தெரியாது. கழிப்பறையில் போய் அழுதேன், முகம் கழுவிக்கொண்டு முதல் முறையாகக் கீழே இறங்கினேன்.

கிடங்கு வாசல் மேசையில், சிவப்பு அங்கியில் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். தனியாகத்தான் இருந்தார். நான் யாரென்று சொல்வதற்குள் எழுந்து நின்றார்.

“அஹ்சன் சொன்னான், புகார் போயிடுச்சாம்.” போனில் கேட்ட நாகூர் கனியின் குரல். எதிர் நாற்காலியில் இருந்த பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார். “சாப்பிட்டீங்களா? உங்க பேரு என்ன?”

முழுப் பெயரையும் சொன்னேன். அவர் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, டப்பாவின் மூடியில் பாதி மீ கோரெங் நூடுல்ஸைத் தள்ளி என் பக்கம் நகர்த்தினார். இருபத்து நான்கு வாரத்தில் அன்றுதான் நான் ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுநாள் என் கடைசி நாள்.