எல்லாருக்கும் முகவரி மாற்றம்

எங்கள் இன்டர்நெட் கம்பெனியில் பில் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் பிரிவுக்கு நான்தான் டீம் லீடர். பெயர் ரூபீனா, வீடு திருவல்லிக்கேணி, வாய் கொஞ்சம் நீளம். தி.நகரில் ஒரு துணிக்கடையின் மூன்றாம் மாடியில் எட்டுப் பேர் வேலை பார்க்கிறோம். வருகிற ஒவ்வொரு கேள்வியும் ஒரு டிக்கெட். பதில் அனுப்பிவிட்டு, அது எதைப் பற்றியது என்று ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் டிக்கெட் மூடும். ஒரு டிக்கெட்டுக்கு நான்கு நிமிஷம்.

மேனேஜர் அனிருத்துக்கு இரண்டு மாதம் முன்பு ஞானம் பிறந்தது. பில்லில் எந்த இடம் ஜனங்களைக் குழப்புகிறது என்று தெரிய, டிக்கெட்டுகளைத் தலைப்பு வாரியாக எண்ணச் சொன்னார். எண்ணினோம். பத்துக்கு ஒன்பது ‘முகவரி மாற்றம்’. உடனே பில்லில் முகவரியைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி பெரிதாக்கினார். இடம் போதாமல், கட்டண விளக்கம் இரண்டாம் பக்கத்தின் அடிக்குப் போனது. டிக்கெட் இரண்டு மடங்கானது.

“எழுத்து இன்னும் பத்தலை ரூபீனா,” என்றார். அட கஷ்டமே!

வேலை குவிந்ததும், மெதுவாக வேலை செய்பவர்களில் ஒருவரை வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டு வேகமான ஆளை எடுக்கலாம் என்று முடிவானது. நான் ஏஞ்சலின் பெயரை எழுதிக்கொடுத்தேன். பட்டினப்பாக்கத்துப் பெண், சேர்ந்து ஏழு மாதம். டிக்கெட்டுக்கு ஒன்பது நிமிஷம் எடுப்பாள். அம்மா மீன் விற்கிறார், இவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை எம்.டி. சுரேஷ்குமார் மீட்டிங் வைத்தார். அதற்குமுன், முகவரியில் அப்படி என்னதான் குழப்பம் என்று பார்க்க, ‘முகவரி மாற்றம்’ என்று மூடிய டிக்கெட்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு இருநூறை எடுத்து, ஒவ்வொன்றாகப் படித்தேன். மயிலாப்பூர் மாமி ஒருவர் எழுதியிருந்தார்: “எங்காத்துல பதினஞ்சாம் தேதி பிளான் மாத்தினோம். இந்த ‘ப்ரோரேட்டா சரிக்கட்டல்’ யாரு, அவருக்கு ஏன் நாங்க தரணும்?” இதற்குத் தலைப்பு, முகவரி மாற்றம். அந்த மாமி நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்!

இருநூறில் உண்மையான முகவரி மாற்றம் ஒன்பது. ஜி.எஸ்.டி. வரியைப் பற்றி அறுபது. எழுபதுக்கு மேல் அந்த ப்ரோரேட்டா. மாத நடுவில் பிளான் மாற்றினால், மிச்ச நாட்களுக்குப் பழைய கட்டணத்தைக் கழித்துப் புதியதைக் கூட்டும் கணக்கு அது. ஜி.எஸ்.டி. எல்லார் பில்லிலும் இருக்கிறது. இதுவோ இருபது பில்லுக்கு ஒன்றில்தான் வரும். இருந்தும் கேள்வியில் இதுதான் முதலிடம்.

பிறகு யார் யார் எப்படித் தலைப்புப் போடுகிறார்கள் என்று பார்த்தேன். என்னையும் சேர்த்து ஏழு பேர், பட்டியலின் முதல் தலைப்பான ‘முகவரி மாற்றம்’ என்பதையே அமுக்கியிருந்தோம். ஏஞ்சல் மட்டும் ஒவ்வொன்றையும் தேடிச் சரியாகப் போட்டிருந்தாள். அவள் கணக்கில் ப்ரோரேட்டாதான் ஏழு மாதமாக முதலிடம்.

அவளிடம் போய்க் கேட்டேன். “ஏம்மா, முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“சொன்னேன்க்கா. ‘இன்னா ஏஞ்சல், பொழுதன்னிக்கும் படிச்சிக்கினு கீறே, மொதல் தலைப்ப தட்டிட்டுப் போ’ன்னு நீதான் சொன்னே.”

வாஸ்தவம். புதிதாகச் சேரும் எல்லாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். நேரம் மிச்சம் பண்ணும் சூட்சுமம் என்று பெருமையாக வேறு சொல்வேன்.

மீட்டிங்கில் அனிருத் முகவரியின் அடுத்த அளவைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து இருநூறு டிக்கெட்டையும் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். எம்.டி. மாமியின் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“எல்லாருக்கும் முதல் தலைப்பை அமுக்கச் சொன்னது யாரு?”

அனிருத் என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஸ்கிரீனையே பார்த்தார், பாவம், நல்ல மனுஷன். டிரெய்னிங்கில் ஏதோ கோளாறு என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஏஞ்சல் தன் அம்மாவின் மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்காருவதை நினைத்துப் பார்த்தேன்.

“நான்தான் சார். அதைக் கேக்காத ஒரே பொண்ணைத்தான் நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கேன். அது என் தப்பு.”

ஏஞ்சல் பெயரை அப்போதே அடித்தார்கள். பழைய டிக்கெட்டெல்லாம் படித்துத் திரும்பத் தலைப்புப் போட வேண்டும், அதற்குப் பொறுப்பு ஏஞ்சல், அவளுக்குக் கீழே நான் என்று உத்தரவு.

மறுநாள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் பழக்கதோஷத்தில் முதல் தலைப்புக்கு விரலைக் கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மொதல்ல படிக்கா. நேரம் எவ்ளோ வேணா எடுத்துக்கோ, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”