மஞ்சள் கொடிக்குப் பின்னால்

சேலம் மாரத்தானில் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க நினைத்தவர்கள் ஒரு மஞ்சள் கொடியின் பின்னால் ஓடினார்கள். கொடியை முதுகில் கட்டியிருந்த பேசரின் வேலை, கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடுவது. கோகிலவாணியும் அவள் கணவன் தீனதயாளனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

பத்தாவது கிலோமீட்டரில் கோகிலவாணி, எந்தத் தூரத்தை எத்தனை நிமிடத்தில் கடக்க வேண்டும் என்று அச்சிட்டுக் கையில் கட்டியிருந்த நேரப்பட்டையைப் பார்த்தாள். அதில் ஐம்பத்தேழு நிமிடம் என்றிருந்தது. கடிகாரம் ஐம்பத்து மூன்றுதான் காட்டியது.

"ஏனுங்க, பேசர் ரொம்ப வேகமா போறாருங்க. நாம பின்தங்கிக்கலாம்."

"வெயில் ஏர்றதுக்குள்ள நேரத்தச் சேத்து வெக்கறாரு. கொடிய உட்டுட்டா அப்பறம் புடிக்க முடியாது புள்ள."

சற்றுமுன் வரை கதைபேசி வந்தவர்கள் எல்லாரும் வாயடைத்துப்போய், மூச்சிரைத்து ஓடுவதை அவள் கண்டாள். ஓரமாக ஒதுங்கி வேகத்தைக் குறைத்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் பட்டை சொன்ன வேகத்திலேயே ஓடினாள். முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் அந்தக் கூட்டத்து ஆட்கள் தென்படத் தொடங்கினார்கள். ஒருவர் நொண்டினார், ஒருவர் வாந்தியெடுத்தார். பேசரே கொடியைக் கழற்றிவிட்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க ஊட்டுக்காரர் எங்கீங்க?"

"நிக்கச் சொன்னேனுங்க. கேக்காம போயிட்டாரு."

அடுத்த திருப்பத்தில் தீனதயாளன் தள்ளாடியபடி எதிர்த்திசையில் வந்தான். தோல் கொதித்தது. "கொடி எங்கீங்க?" என்று யாரோ அந்நியரிடம் கேட்பதுபோல் அவளிடமே கேட்டான். அவள் ஓட்டத்தை விட்டுவிட்டு, தன்னார்வலர்களைக் கூவியழைத்து, அவன் தலையிலும் கழுத்திலும் ஐஸ் தண்ணீரைக் கொட்டினாள்.

ஆஸ்பத்திரியில் மாலைவரை அவனுக்கு அவள் பெயர் நினைவுக்கு வரவில்லை.