புள்ளியியல் பேப்பர்

அவளை ஆஸ்பத்திரியில் எல்லாரும் 'டோக்கன்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாசல் கவுன்டரில் டோக்கன் கொடுக்கிற வேலை. யாருக்கு வயிற்றுவலி வந்தாலும் முதல் வசவு இவளுக்குத்தான். மாடியில் ரெக்கார்டு ரூம் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். நிழலான வேலை, நாற்காலி உண்டு, யாரும் கத்தமாட்டார்கள். ஆனால் பட்டம் வேண்டும்.

பட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு பேப்பர், புள்ளியியல். தொலைதூரக் கல்வியில் சேர்ந்து, பிள்ளை பெற்று, காலக்கெடு தீர்ந்து, மறுசேர்க்கைக்குப் பணம் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவள், கணக்கென்றாலே காய்ச்சல் வருகிறதென்று இதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டாள். மறுசேர்க்கை ஒரு தடவைதான் தருவார்கள். இந்தப் பருவத்தோடு அதுவும் முடிகிறது.

தேர்வன்று காலையில் புருஷன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். அவன் லாரி டிரைவர், அன்றைக்கு லீவு போட்டிருந்தான். அவள் படிக்கிற கல்வி மையமும் தேர்வு மையமும் ஒரே கல்லூரிதான். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் தன் பதிவெண்ணைத் தேடி அறையைப் பார்த்துக்கொண்டாள். கையில் ஹால் டிக்கெட், அடையாள அட்டை, இரண்டு பேனா. நேரமிருந்தது. வீட்டில் எழுதி மையத்தில் கொடுத்திருந்த அசைன்மென்டுக்கு மதிப்பெண் இன்னும் இணையத்தில் ஏறவில்லையே, ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மைய ஆபீசுக்குப் போனாள். கேட்காமலே இருந்திருக்கலாம், பாவி!

கிளார்க் நல்ல மனுஷன். பதிவெண்ணைத் தட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கியது. பீரோவைத் திறந்து அவள் கொடுத்திருந்த தாள்கட்டை எடுத்து வந்தார்.

"ஏம்மா, இது போன வருஷக் கேள்விக்கு எழுதின விடையாச்சே?"

"ஆமாங்க சார். அப்பவே எழுதிட்டேன். பையனுக்கு டைபாய்டு, கொண்டாந்து குடுக்க முடியல. வீணாப் போவானேன்னு பத்திரமா வச்சிருந்து இந்தத் தடவை குடுத்தேன்."

"கேள்வி வருஷா வருஷம் மாறுமேம்மா! திருத்துறவர் செல்லாதுன்னு திருப்பிட்டாரு. உங்களுக்கு மெசேஜ் அனுப்பினோமே?"

சேரும்போது கொடுத்த பழைய நம்பருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ.

"முத்திரை குத்தி ரசீது குடுத்தீங்களே சார்?"

"வாங்கினதுக்குத்தாம்மா ரசீது. உள்ள என்ன இருக்குன்னு கவுன்டர்ல யாரு பிரிச்சுப் பாக்குறா?"

"அப்ப ஹால் டிக்கெட்? அது வந்துருச்சே! வந்தா எல்லாம் சரின்னுதானே அர்த்தம்?"

"அது வேற, இது வேற. தேர்வுக்கு விண்ணப்பிச்சுப் பணம் கட்டினா கம்ப்யூட்டர் ஹால் டிக்கெட்டைக் குடுத்துடும். பரீட்சைலயும் பாஸாகணும், அசைன்மென்ட்லயும் தனியாப் பாஸாகணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் பேப்பர் முடிஞ்சதா ஆகாது."

"இன்னைக்கே உக்காந்து எழுதிக் குடுத்துடறேன் சார். கால்ல வேணா விழுறேன்."

"கடைசி தேதி போயிடுச்சும்மா. நான் வாங்கினாலும் கம்ப்யூட்டர் ஏத்துக்காது." கொஞ்சம் தயங்கி, "அடுத்த பருவம்..." என்று ஆரம்பித்தவர், அவள் பதிவு முடிகிற தேதியைத் திரையில் பார்த்துவிட்டு, தாள்கட்டை அவள் பக்கம் தள்ளினார்.

மணி அடித்தது. அவளுக்குத் தலையில் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சிக்கனமாம், பத்திரமாம்! முதல் பக்கத்திலேயே பழைய வருஷம் கொட்டை எழுத்தில் இருக்கிறது, கண் என்ன பிடரியிலா இருந்தது? திரும்பிப் போய்விடலாம் என்றுதான் படியிறங்கினாள். வெளிக் கேட் பக்கம் புருஷன் யாரிடமோ போனில், "என் பொண்டாட்டிக்கு இன்னைக்குக் கடைசிப் பரீட்சை" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். அவள் திரும்பி அறைக்கு நடந்தாள்.

மேற்பார்வையாளர் அட்டையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார். கேள்வித்தாள் வந்தது. பார்த்தால், அத்தனையும் தெரிந்த கணக்கு! சமையற்கட்டில் குக்கர் விசிலுக்கு நடுவே போட்டுப் போட்டுப் பழகியது. கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினாள். பக்கத்து வரிசைப் பையன்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். அவள் கடைசி மணிவரை உட்கார்ந்து, விடைகளை ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். அவன் பேயறைந்த மாதிரி நின்றான். வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டது தெரிந்தது.

"உள்ள போறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடி மூணு மணி நேரம் மாங்கு மாங்குன்னு எழுதுன?"

அவளுக்கு அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாத்துக்கும் பதில் தெரிஞ்சிருந்துச்சுங்க."