குறி உதவியும் பனிமலையும்

பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்கு ஊசி போடக் கை நடுங்காது. துப்பாக்கி வீடியோ கேமில் மட்டும் குறி எங்கோ போகும். வேறு ஊரில் இருக்கும் தங்கை ஞாயிறு மதியம் ஹெட்செட்டில் பேசியபடி ஆன்லைனில் அவளோடு விளையாட வந்தாள்.

முதலில் வேகமான ஆட்டம். அக்காவின் கன்ட்ரோலரில், சுடக் குறி வைக்கும்போது கைகொடுக்கும் 'குறி உதவி' வசதியைப் போட்டிருந்தார்கள்.

"எதிரிகிட்ட குறி போனாத்தான் அது மெதுவாகி ஒட்டும். கொண்டுபோறது நீதான்," என்றாள் தங்கை.

கொண்டுபோவதற்குள் அக்கா ஆறு முறை செத்தாள்.

அடுத்தது நிதானமான ஆட்டம். பதுங்கிக் காத்திருக்க நேரம் கிடைத்தது, ஆனால் ஒரே தோட்டாவில் அக்காவின் கதை முடிந்தது.

"மெதுவா வந்தாலும் சாவு சாவுதான்டி," என்றாள் அக்கா.

மூன்றாவதில் எதிரே மனிதர்களே இல்லை. இருவரும் ஒரே அணியாகக் கம்ப்யூட்டரோடு மோதும் எளிய நிலை அது. பனிமலைச் சரிவில் மூன்று மாடி உயர இயந்திர மிருகம் ஒன்று ஆடி அசைந்து இறங்கியது. அதன் காலில் அடிபட்டுத் தங்கை விழுந்தாள். அக்கா ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்து அவளை எழுப்பிவிட்டாள். பிறகு மிருகத்தின் நெஞ்சில் எரிந்த விளக்கை நோக்கிக் குறியை நகர்த்தினாள். விளக்கருகே போனதும் குறி தயங்கி, ஒட்டி நின்றது. அக்கா சுட்டாள்.

மலையே சரிவதுபோல மிருகம் சாய்ந்தது. பனி வானம்வரை எழும்பி, பொடிப்பொடியாக இறங்கியது.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன். அடுத்த ஆட்டத்துக்குப் போயிடாத. இந்தப் பனி விழறதைக் கொஞ்சம் பாத்துட்டு வரேன்."