ஐந்து சொல்லுக்குள் ஒரு மாத்திரை

இதய மருத்துவர் எழுதி அனுப்பிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் முக்கால் பக்கம் நீண்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோர், தமக்கு இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருந்து, நிறுத்தலாம் என இதய மருத்துவர் கூறியிராத பட்சத்திலன்றி, அறுவைக்கு ஐந்து நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும் என்று தொடங்கி, மூச்சு வாங்க இடமில்லாமல் ஓடியது. படித்து முடிப்பதற்குள் நோயாளிக்குத் தையலே பிரித்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியின் தகவல் தாள் பிரிவில் அதை உடைக்கும் வேலை அவளுடையது. முதலில் ஆபத்து யாருக்கு என்று பார்த்தாள்: ரத்தக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் உள்ளவர் மாத்திரையை நிறுத்தினால், அதில் ரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். 'உங்களுக்கு ஸ்டென்ட் இருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். ஸ்டென்ட் இல்லையென்றால், அறுவைக்கு ஐந்து நாள் முன்பு நிறுத்திவிடுங்கள்.' மருத்துவர் படித்துப் பார்த்து, "இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்று கையெழுத்துப் போட்டார். அதைப் பிரிவுத் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

தலைவரிடம் ஒரு மென்பொருள் இருந்தது. வாக்கியத்தில் ஐந்து சொல் தாண்டினால் சிவப்பு, தாண்டாவிட்டால் பச்சை. மேலிடத்துக்குப் பச்சைதான் போக வேண்டும். பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே அவர் அவளைக் கூப்பிட்டார். மூடியில் ஒட்டிய அழுக்கை மேசை விளிம்பில் தேய்த்தார்.

"ரெண்டு இடத்துல சிவப்பு வருதும்மா. 'இருந்தால்', 'இல்லையென்றால்', இதெல்லாம் எதுக்கு? சும்மா இடத்தை அடைக்குது."

"சார், அந்தச் சொல்லுதான் ஒரு வாக்கியத்தை இன்னொண்ணோட கட்டுது. அதை எடுத்தா, யாருக்கு எதுன்னே தெரியாது."

"சின்னதா இருந்தா தன்னால புரியும்" என்றார். மூடி மறுபடி காதுக்குள் போனது. "நான் பாத்துக்குறேன், போங்க."

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: 'அறுவைக்கு ஐந்துநாள் முன் மாத்திரையை நிறுத்துங்கள். சிலருக்கு ஸ்டென்ட் இருக்கும். இதய மருத்துவர் ஆலோசனை தருவார். கவலை வேண்டாம்.' நாலும் பச்சை. மருத்துவரிடம் திரும்பக் காட்டவுமில்லை, அவளிடம் சொல்லவுமில்லை. அவள் எழுதிய தாளில் மருத்துவர் போட்ட கையெழுத்தை இந்தத் தாளில் ஒட்டி அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

அவளுக்கு இது தெரிந்தது அக்கா வீட்டில். அத்தானுக்கு இன்னும் இரண்டு நாளில் குடலிறக்க ஆபரேஷன், அதே ஆஸ்பத்திரியில். ஸ்டென்ட் வைத்து வருஷம்கூட ஆகவில்லை.

"உங்க ஆபீஸ்ல கொடுத்த தாள் எவ்வளவு சுலபமா இருக்கு தெரியுமா" என்றாள் அக்கா. "உங்க அத்தானே ஒரே மூச்சுல படிச்சிட்டார்."

"படிச்சிட்டு என்ன செஞ்சீங்க அத்தான்?"

"மாத்திரையை நிறுத்திட்டேன். மூணு நாளாச்சு. கவலை வேண்டாம்னு போட்டிருக்கே."

தாளை வாங்கிப் பார்த்தாள். அடுத்த நிமிடம் அத்தானை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இதய மருத்துவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கேயே மாத்திரையைக் கொடுத்து விழுங்கவைத்தார், ஈசிஜி எடுத்தார். "ஸ்டென்ட்ல ரத்தம் கட்டல. தப்பிச்சிட்டார்" என்றார். ஆபரேஷன் தள்ளிப்போனது. "நான் கையெழுத்துப் போட்டது இதுக்கு இல்லையே?" என்று அவர் கேட்டபோது, அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நேராகத் தலைவர் அறைக்குப் போனாள். பயந்துவிடுவார், வேர்த்துப்போவார், தாளைத் திரும்ப வாங்கச் சொல்வார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போனாள். அவர் முழுக்கக் கேட்டார். மூடியை உற்றுப் பார்த்து ஊதினார்.

"உங்க அத்தானுக்குத் தாள் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, சார்."

"போட்டிருந்தபடியே செஞ்சாரா?"

"செஞ்சார். அதனாலதான்..."

"அப்போ தாள் வேலை செய்யுதேம்மா. இதை நான் மீட்டிங்ல சொல்லணும்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் எதையோ மிதித்துவிட்டது போன்ற அருவருப்புதான் வந்தது. அந்த ஆளுக்கு இனி எதையும் விளக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. இறங்கி வெளிநோயாளிகள் கூடத்துக்குப் போய், அங்கே தாங்கியில் அடுக்கியிருந்த அந்தத் தாள்களை யாரையும் கேட்காமல் அள்ளினாள். வரிசையில் ஒரு அம்மா ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். நீட்டிய கையைப் பார்த்ததும் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பான தாள்மா அது. கொடுங்க, வேற தர்றேன்."

"வேணாம்மா" என்றாள் அந்த அம்மா. "இங்க கொடுத்ததுலேயே எனக்குப் புரிஞ்சது இது ஒண்ணுதான்."