பச்சை ஒயரைக் கழற்றியவர்

ஷெர்லின் ஐடிஐ முடித்துவிட்டுத் தென்காசியில் கிரைண்டர், மிக்ஸி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தாள். குற்றால அருவி சீசன் நேரம். இலத்தூரில் மாவு அரைத்துக் குற்றாலத்து ஓட்டல்களுக்குக் கொடுக்கும் ஆவுடையப்பன் தன் கிரைண்டரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

“தொட்டா சுருக்குங்குதும்மா. வீட்டுக்காரி ஆனந்தவள்ளி பயப்படுதா.”

பிளக்கைத் திறந்தாள். பச்சை ஒயரை யாரோ வெட்டி விட்டிருந்தார்கள். புது பிளக் எடுத்து, சிவப்பை L-லும் கறுப்பை N-லும் முடுக்கினாள். பச்சையைச் சற்று நீளமாக விட்டு, பெரிய பின்னில் மாட்டினாள். கேபிளைக் கிளிப்பில் இறுக்கினாள்.

“இந்தப் பின் மட்டும் ஏம்மா நீளமா இருக்கு?”

“எர்த் பின் அண்ணாச்சி. சொருகும்போது முதல்ல தொடும், பிடுங்கும்போது கடைசியா விடும். கரண்டு இருக்குற நேரம் பூரா பாடிக்கு எர்த் இருக்கணும்லா. கேபிள இழுத்துட்டாலும் பச்ச ஒயர் கடைசியாத்தான் அறணும். அதான் நீளமா விட்டேன்.”

ஓட்டிப் பார்த்தாள். தொட்டால் சுருக்கென்று அடிக்கவில்லை. மோட்டாரில் கரண்டு கசிகிறதா என்று அளக்கும் மீட்டர் கெட்டுக் கிடந்தது. அவரோ ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு அவசரப்பட்டார். கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

“ஸ்விட்ச போட்டாலே ஃபியூஸ் போகுதும்மா. ரெண்டு தடவ கம்பி மாத்தினேன்.”

“நேத்து கசிவு கம்மியா இருந்திருக்கு, மாவு ஈரத்துல கூடிட்டு. மோட்டார்ல இருந்து கரண்டு பாடிக்கு வருது அண்ணாச்சி. பச்ச ஒயர் அத எர்த்துக்குக் கொண்டுபோகுது, அதான் ஃபியூஸ் போகுது. ஓட்டாதீங்க.”

“சரியாக்கிட்டேன். அந்தப் பச்சையக் கழட்டி விட்டுட்டேன். இப்ப ஜம்முனு ஓடுது.”

“தொடாதீங்க! மதினியையும் தொட விடாதீங்க! ஸ்விட்ச அணைங்க!”

“என்னது? சத்தத்துல கேக்கல.”

பாத்திரம் விழும் சத்தம். “ஏட்டி!” என்று அவர் அலறினார். போன் தரையில் விழுந்தது.

“மெயின அணைங்க! அவங்களப் பிடிச்சு இழுக்காதீங்க!” கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். போனில் கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது. லைன் துண்டானது.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆனந்தவள்ளிக்கு உயிர் இருந்தது. வலது கையில் கட்டு. கண்ணைத் திறக்கவில்லை. மெயினை அணைத்தது பக்கத்து வீட்டு சுல்தான் பீவி.

வராண்டாவில் ஆவுடையப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். “வருஷக்கணக்கா ஓடின கிரைண்டர். நீ அந்த ஒயர மாட்டின பொறவுதான இவ்வளவும்?”

என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது என்று அவளுக்குத் தெரிந்தது. “மோட்டார அளந்து பாக்காம குடுத்தது என் தப்பு அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “அஞ்சு ஓட்டலுக்கு மாவு குடுக்கணும். இன்னைக்கு அத ஓட்டலாமா?”

“வேண்டாம் அண்ணாச்சி.”

அவர் வேறு மெக்கானிக் யாருக்கோ போன் போட ஆரம்பித்தார்.